கட்டிலும் அலுமாரியும் வருமுன் தாளை விரித்துப் பாருங்கள்

"ஐயா, கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய புதுவீட்டுக்கு லயத்திலிருந்து மாறப் போகிறோம். சாவி கையில் இருக்கிறது, வீடு வெறுமையாக இருக்கிறது. பெரிய படுக்கையறை பத்து அடிக்கு ஒன்பது அடி. அதற்கு ஆறுக்கு ஐந்து கட்டிலும் மூன்று கதவு அலுமாரியும் தவணைக்கு எடுக்க நினைக்கிறோம். வாங்குவதற்கு முன் தரையில் டேப் ஒட்டி, இல்லாவிட்டால் பேப்பர் விரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே பயன்படுமா? எப்படிச் செய்ய வேண்டும்?"

பயன்படும். ஆனால் பலரும் செய்கிற விதத்தில் செய்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். கட்டிலின் அளவுக்கு ஒரு தாள், அலுமாரியின் அளவுக்கு ஒரு தாள் என்று விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் "பிடிக்கும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பண்டாரவளையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரவேலை பாஸாக இருந்தவன் நான். "இடம் பிடிக்கும் என்று பார்த்துத்தானே வாங்கினோம், இப்போது கதவு திறக்க முடியவில்லையே" என்று சொல்லி அலுமாரிக் கதவைக் கழற்றச் சொன்ன வீடுகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு பொருளும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது: அது நிற்கும் இடம் ஒன்று, அதை நாம் புழங்கும் இடம் மற்றொன்று. கதவு திறப்பதற்கும், இழுப்பறையை இழுப்பதற்கும், குனிவதற்கும், விரிப்பை மடித்துச் செருகுவதற்கும் வேண்டிய இரண்டாவது இடத்துக்கும் தாள் விரித்தால்தான் இந்த முறை உண்மையைச் சொல்லும்.

டேப்பா, பத்திரிகையா என்ற கேள்விக்கு என் பதில், முதலில் பத்திரிகை, கடைசியில் டேப் என்பதே. டேப்பால் ஒரு கோடு போட்டால் அதன் உள்ளே இருக்கும் தரை வெறுந்தரையாகவே கண்ணுக்குப் படும். வீட்டில் உள்ளவர்கள் அதைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள், யாருக்கும் அங்கே ஒரு கட்டில் இருப்பதாகத் தோன்றாது. தாள் விரித்தால் அந்த இடம் மூடப்படுகிறது. அதைவிட முக்கியமானது, கட்டிலின் அளவுக்கு ஒட்டிய தாளை இருவர் பிடித்து அப்படியே திருப்பி வேறு சுவரோரம் போட்டுவிடலாம். டேப் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் உரித்து, அளந்து, மறுபடி ஒட்ட வேண்டும். மூன்றாவது முறைக்குள் பொறுமை போய்விடும், நாலாவது யோசனையை யாரும் சோதிக்க மாட்டார்கள். எந்த இடம் என்று முடிவான பின் அதன் மூலைகளை மட்டும் டேப்பால் குறித்துவைத்தால், பொருள் வந்து இறங்கும் நாளில் தூக்கி வருபவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கும்.

டேப் என்றால் பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப், அதாவது கையால் கிழிக்கக்கூடிய வெளிர்மஞ்சள் தாள் டேப்பைத்தான் சொல்கிறேன். பார்சல் ஒட்டும் மண்ணிற டேப்பைத் தரையில் ஒட்டாதீர்கள். அதன் பசை தரையில் தங்கிவிடும், சிவப்பு பொலிஷ் பூசிய சீமெந்துத் தரையாக இருந்தால் பொலிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். மாஸ்கிங் டேப்பையும் முதலில் ஒரு மூலையில் ஒட்டி அடுத்த நாள் உரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் பகுதியின் குளிரிலும் ஈரத்திலும் காலை நேரத்தில் சீமெந்துத் தரை சற்றுக் கசிந்தது போல் இருக்கும். புதுவீட்டில் சீமெந்துத் தூசும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்த டேப்பும் பிடிக்காது. கூட்டி, காய்ந்த துணியால் துடைத்து, வெயில் ஏறிய பின் ஒட்டுங்கள். டைல் பதிக்காத தரையாக இருந்தால் வெண்கட்டியே போதும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

தாள்களைச் சேர்க்கும்போது ஓரங்களை ஓர் அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று வைத்து செலோ டேப்பால் ஒட்டுங்கள். கோதுமை மாப் பசை வேண்டாம், எறும்பும் கரப்பானும் வரும். அளவுக்கு மேல் இருப்பதை வெட்டாமல் உள்ளே மடித்துவிடுங்கள். ஆறுக்கு ஐந்து கட்டில் இடிக்கிறது, ஆறுக்கு நான்கு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அதே தாளை இன்னும் ஓர் அடி மடித்தால் போதும். புழங்கும் இடத்துக்குப் பத்திரிகையைப் பயன்படுத்தாமல், வீடு கட்டியபோது மிஞ்சிய சீமெந்துப் பைகளைப் பிரித்து உதறி, அந்த மண்ணிறத் தாளைப் பயன்படுத்துங்கள். நிறம் வேறாக இருந்தால் பார்த்தவுடன் புரியும். பத்திரிகை பத்திரிகையின் மேல் ஏறக் கூடாது. மண்ணிறத் தாளும் பத்திரிகையின் மேல் ஏறக் கூடாது. மண்ணிறத்தின் மேல் மண்ணிறம் ஏறினால், அந்த இரண்டு இடங்களையும் ஒரே நேரத்தில் இருவர் புழங்க வேண்டிய தேவை இல்லை என்றால், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

முதல் வேலை அறையை அளப்பது. பத்து அடிக்கு ஒன்பது அடி என்று நீங்கள் சொல்வது பிளானில் உள்ள அளவாக இருக்கலாம். பூச்சு பூசிய பின் ஒவ்வொரு சுவரும் அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே வந்திருக்கும், சுவர்கள் நேராகவும் இருக்காது. ஒவ்வொரு பக்கத்தையும் இரு முனைகளிலும் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். அடுத்ததாக அறைக் கதவைத் திறந்து மூடி, அதன் அடிமூலையில் வெண்கட்டியைப் பிடித்தபடி தரையில் கால்வட்டம் கீறுங்கள். அந்தக் கால்வட்டத்துக்குள் எந்தத் தாளும் நுழையக் கூடாது. ஜன்னல், பிளக் பொயின்ட், சுவிட்ச் ஆகியவை எந்த இடத்தில் வருகின்றன என்பதையும் அவற்றுக்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அலுமாரி நின்ற பிறகு அதன் பின்னால் பிளக் பொயின்ட் மறைந்துவிட்டது என்று சொல்லிப் பயனில்லை.

அடுத்து பொருளின் அளவு. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஆறுக்கு ஐந்து என்று கடையில் சொல்வது மெத்தையின் அளவு, அதாவது 72 அங்குலத்துக்கு 60 அங்குலம். கட்டிலின் சட்டம், தலைப்பலகை, கால்பக்கப் பலகை எல்லாம் அதற்கு வெளியே இருப்பவை. மரக்கட்டிலில் நீளத்தில் 5, 6 அங்குலமும் அகலத்தில் 3, 4 அங்குலமும் கூடுவது சாதாரணம், செதுக்கு வேலை உள்ள தலைப்பலகை என்றால் இன்னும் கூடும். எனவே கடைக்கு அளவு நாடாவோடு போய், பொருளின் மிக அகலமான இடத்தை அளந்து வாருங்கள். அலுமாரியில் மிக அகலமான இடம் அடியில் இருக்காது, மேலே உள்ள கொடுங்கையில் இருக்கும். இதை நான் சொந்த வீட்டிலேயே தவறவிட்டிருக்கிறேன். எனக்காகச் செய்த அலுமாரியின் அடிப்பகுதியை 20 அங்குலம் என்று தரையில் தாள் போட்டு, அறைக் கதவுக்கும் அதற்கும் ஓர் அங்குல இடைவெளி இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். மேலே கொடுங்கை இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்ததும் அதன் மேல்மூலை கொடுங்கையில் மோதியது. தச்சனின் வீட்டிலேயே அப்படி என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். தரையில் விரிக்கும் தாள் பொருளின் அடியைக் காட்டக் கூடாது, மேலிருந்து பார்த்தால் தெரியும் நிழலைக் காட்ட வேண்டும்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. வெளிச்சுவரோடு எதையும் ஒட்டி வைக்கக் கூடாது. இரவில் வெளிச்சுவர் குளிர்ந்துவிடும், அறைக்குள் இருக்கும் மூச்சுக்காற்றின் ஈரமும் சமையலின் ஆவியும் அந்தக் குளிர்ந்த சுவரில் படிந்து நீராகும். அலுமாரி சுவரோடு ஒட்டியிருந்தால் அங்கே காற்று போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். அதன் பின்பலகை பெரும்பாலும் மெல்லிய ஒட்டுப்பலகை என்பதால் உப்பி வளைந்துவிடும், உள்ளே மடித்து வைத்த சேலைகளில் அந்த வாடை ஏறும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். எங்கள் பக்கத்தில், அதாவது பதுளை, பண்டாரவளையில், ஆண்டின் கடைசி மாதங்களில்தான் மழை கூடும். எங்கே இருந்தாலும் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளித்தான் தாளை விரியுங்கள். முடிந்தால் அலுமாரியை உட்சுவரோரம் வையுங்கள். இந்த 3 அங்குலத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு பிறகு பொருள் வந்ததும் பொய்த்துவிடும்.

இப்போது உங்கள் அறையையே எடுத்துப் பார்ப்போம். வாசல் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே இப்படிப்பட்ட வீடுகளில் நான் கண்ட ஓர் அமைப்பை வைத்துக்கொள்கிறேன். முன்னறையிலிருந்து உள்ளே வரும் வாசல், 9 அடிச் சுவரில் இடது மூலையோரம் இருக்கிறது. கதவு 33 அங்குலம், உள்பக்கம் இடது சுவரை நோக்கித் திறக்கிறது. வாசலுக்கு எதிரே உள்ள 9 அடிச் சுவரில் ஜன்னல், அது வெளிச்சுவர். வலது பக்கத்து 10 அடிச் சுவரும் வெளிச்சுவர். அறை 120 அங்குலத்துக்கு 108 அங்குலம். கட்டில் வெளி அளவாக 78 அங்குலத்துக்கு 64 அங்குலம். அலுமாரி 48 அங்குல அகலம், 21 அங்குல ஆழம், மூன்று கதவுகளும் தலா 16 அங்குலம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைப்பு, ஜன்னலின் கீழ் கட்டிலின் தலையை வைத்து, கால்பக்கம் வாசலை நோக்கி இருக்க, வாசலின் வலது பக்கத்தில் மிஞ்சும் சுவரோரம் அலுமாரியை நிறுத்துவது. கூட்டிப் பாருங்கள். ஜன்னல் சுவரிலிருந்து 3 அங்குல இடைவெளி, கட்டில் 78, ஆக 81. எதிர்ப்பக்கத்தில் அலுமாரி 21, இடைவெளி 3, ஆக 24. இரண்டும் சேர்ந்து 105. அறையின் நீளம் 120. பத்திரிகைகள் இரண்டும் தொடவே இல்லை, நடுவில் 15 அங்குலம் தரை தெரிகிறது, கதவின் கால்வட்டமும் காலியாக இருக்கிறது. தாளை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு முற்பணம் கட்டப் போய்விடுவார். ஆனால் அலுமாரிக் கதவு 16 அங்குலம், இடைவெளி 15 அங்குலம். கட்டிலுக்கு நேரே இருக்கும் கதவுகள் முழுதாகத் திறக்காமல் கட்டிலின் கால்பக்கப் பலகையில் போய் இடிக்கும். திறந்தாலும் ஆள் நிற்க இடம் இல்லை.

இந்த இடத்தில், தள்ளு கதவு வைத்த அலுமாரி எடுத்தால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். தள்ளு கதவு கதவின் இடத்தை மட்டுமே மிச்சப்படுத்தும். அலுமாரிக்கு முன்னால் நின்று உடுப்பை எடுக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 30 அங்குலமும், குனிந்து அடி இழுப்பறையை இழுக்க 36 அங்குலமும் வேண்டும். அந்த 36 அங்குல மண்ணிறத் தாளை அலுமாரிக்கு முன்னால் விரித்தால் 21 அங்குலம் கட்டிலின் மேல் ஏறிவிடும். தாளைப் பார்த்தவுடனே, கதவைப் பற்றி யோசிக்கத் தேவையே இல்லாமல், இந்த வைப்பு சரிவராது என்று தெரிந்துவிடுகிறது. மேலும் ஜன்னலின் கீழே தலை வைத்துப் படுப்பது உங்கள் ஊரின் ஆடி மாதக் காற்றுக்கு ஏற்றதல்ல, ஆனால் அது தாள் சொல்லும் செய்தி அல்ல, நான் சொல்வது.

இரண்டாவது வைப்பில் கட்டிலைத் திருப்புங்கள். தலைப்பலகை வலது சுவரோரம், நீளம் அறையின் குறுக்கே. வலது சுவரிலிருந்து 3 அங்குலம் விட்டு 78 அங்குலம் போனால், கால்பக்கத்துக்கும் இடது சுவருக்கும் இடையே 27 அங்குலம் மிஞ்சும். அது ஒருவர் ஜன்னல் வரை போய்வரப் போதும். கட்டிலின் ஒரு பக்கத்தை ஜன்னல் சுவரிலிருந்து 3 அங்குலம் விட்டுத் தள்ளிவிடுங்கள். அலுமாரி முன்பு சொன்ன அதே இடத்தில், வாசலின் வலது பக்கத்தில், வலது சுவரிலிருந்தும் 3 அங்குலம் விட்டு மூலையோரம் நிற்கிறது. இப்போது நீளத்தில் 3 உடன் 64 சேர்ந்து 67, அதோடு அலுமாரியின் 24 சேர்ந்து 91. மிஞ்சுவது 29 அங்குலம். 16 அங்குலக் கதவுகள் தாராளமாகத் திறக்கும், ஓர் ஆள் நிற்கலாம். கதவின் கால்வட்டம் 33 அங்குலத்தோடு முடிகிறது, கட்டில் அதற்கு அப்பால் 53 அங்குலத்தில்தான் தொடங்குகிறது, ஆகவே அங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், குனிவதற்கான 36 அங்குல மண்ணிறத் தாள் இன்னும் 7 அங்குலம் கட்டிலின் மேல் ஏறுகிறது. அதோடு ஜன்னல் பக்கம் படுப்பவர் இரவில் எழும்ப வேண்டுமானால் மற்றவரைத் தாண்டியோ, கால்பக்கம் ஊர்ந்து போயோதான் இறங்க வேண்டும். விரிப்பைச் செருகவும் அந்தப் பக்கம் இடமில்லை, ஒருவர் இறங்கி நின்று விரிப்புச் செருக 24 அங்குலம் வேண்டும். இந்த இரண்டு குறைகளையும் ஏற்றுக்கொள்வதா, பொருளை மாற்றுவதா என்பதுதான் நீங்கள் தாளின் முன்னால் நின்று தீர்மானிக்க வேண்டியது.

கட்டில் தாளை ஓர் அடி மடித்து ஆறுக்கு நான்காக்கினால் இடைவெளி 41 அங்குலமாகிறது, அடி இழுப்பறை சிரமமின்றித் திறக்கும். ஆனால் கைக்குழந்தையோடு இருவர் படுப்பதென்றால் நான்கு அடி போதாது. அப்படியானால் ஐந்து அடிக் கட்டிலையே வைத்துக்கொண்டு, அடியில் இழுப்பறை இல்லாமல் வெறும் தட்டு வைத்த அலுமாரியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் செய்யும் பாஸிடம் இழுப்பறையை இடுப்பு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இழுப்பறை இடுப்பளவில் இருந்தால் குனியத் தேவையில்லை, 29 அங்குலமே போதும். அடியில் போர்வை, பெட்டி போன்ற மாதத்துக்கு ஒரு முறை எடுப்பவற்றை வைக்கலாம். இரண்டு கதவு அலுமாரியாகக் குறைப்பது இந்த அறையில் ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் நமக்குக் குறைவாக இருப்பது அகலம் அல்ல, முன்பக்க ஆழம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஐந்து அடிக் கட்டிலும் இடுப்பளவு இழுப்பறையும் என்ற வழியைத்தான் எடுப்பேன். கண்ணாடி மேசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது நல்லது, அந்த அறையில் அதற்கு இடம் கிடையாது. அலுமாரியின் நடுக்கதவில் கண்ணாடி பதித்துக்கொள்ளுங்கள்.

தாள் காட்டாத ஒன்று உயரம். தரையில் தட்டையாகக் கிடக்கும் தாளைப் பார்த்தால் எந்த அறையும் பெரிதாகத்தான் தோன்றும். ஆறரை அடி உயர அலுமாரி நிற்கும் இடத்தில், அந்த உயரத்துக்குக் கயிறு கட்டி ஒரு பழைய சேலையையோ விரிப்பையோ அலுமாரியின் முன்பக்கம் வரும் கோட்டில் தொங்கவிடுங்கள். வாசலில் நுழைந்தவுடன் அது எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது, சுவிட்சைத் தட்டக் கை போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கட்டிலின் இடத்தில் வீடு மாற்றக் கட்டிவைத்த கார்ட்போர்ட் பெட்டிகளை நான்கு மூலைகளிலும் அடுக்குங்கள். முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒன்று இருந்தால்தான் உடம்பு அதை விலகி நடக்கப் பழகும்.

இவ்வளவும் செய்த பின் உடனே முடிவெடுக்காமல் இரண்டு நாளாவது அந்த அறையைத் தாளோடு புழங்குங்கள். குடிபோகாத வீடு என்றாலும் பரவாயில்லை, காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் அங்கே போய் இருங்கள். கட்டில் தாளின் மேல் பாயை விரித்துப் படுத்து, விளக்கை அணைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்து பாருங்கள். அதிகாலையில் ஒருவர் கொழுந்துக்குப் போக உடுத்திக்கொண்டிருக்க, மற்றவர் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையைத் தேடினால் அந்த 29 அங்குலத்தில் இருவரும் என்ன செய்வீர்கள் என்று நடித்தே பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் தாள் விரித்ததன் பயன் அதில்தான் இருக்கிறது.

பத்திரிகையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு நாள் முடிந்ததும் தாளைக் குனிந்து பாருங்கள். மழைக்காலத்தில் மண் ஒட்டிய கால்களோடு பிள்ளைகள் ஓடிய வீட்டில், எந்த மூலையில் கால்தடம் அதிகமாகப் படிந்திருக்கிறதோ, எந்த ஓரம் கிழிந்திருக்கிறதோ, அந்த இடத்தில்தான் நாளைக்கு முழங்கால் இடிக்கும். யாரும் உணராமலேயே வீடு எழுதிவைத்த குறிப்பு அது. உங்கள் வைப்பில் அது பெரும்பாலும் கட்டிலின் கால்பக்கத்து வாசலோர மூலையாக இருக்கும். அங்கே தடம் அதிகமாக இருந்தால், மூலை கூராக இல்லாமல் உருட்டிச் செதுக்கிய கட்டிலைப் பாருங்கள், அல்லது கால்பக்கப் பலகை இல்லாத கட்டிலை எடுத்து நீளத்தில் மூன்று நான்கு அங்குலத்தை மீட்டுக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: பொலிஷ் தரையில் பத்திரிகை வழுக்கும். வயதானவர்கள் இருந்தால் நான்கு மூலைகளையும் நடுவையும் மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள்.

முன்னறைக்கும் இதே முறைதான், ஆனால் வரிசை மாறும். இப்படிப்பட்ட வீடுகளில் முன்வாசல், இரண்டு படுக்கையறை வாசல்கள், குசினி வாசல் என்று எல்லாம் அந்த ஒரே அறைக்குள் வந்து சேரும். ஆகவே அங்கே முதலில் தளபாடத்துக்குத் தாள் விரிக்காமல், ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்குப் போகும் வழிகளை 30 அங்குல அகலத்தில் வெண்கட்டியால் கீறுங்கள். முன்வாசலிலிருந்து குசினிக்கு விறகும் தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் போகும் வழி மட்டும் 36 அங்குலம் இருக்கட்டும். கோலம் போட்டது போல் ஆகிவிடும், அதைப் பார்த்த பின் மிச்சமிருக்கும் மூலைகளில் எது பிடிக்கும் என்று பாருங்கள். மூன்று பேர் இருக்கும் செற்றி ஒன்றும் தனி இருக்கை இரண்டும் சேர்ந்த செட் பெரும்பாலும் பிடிக்காது. செற்றியோடு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் பிடிக்கும், அவற்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியும் வைக்கலாம்.

பொருள் அறைக்குள் பிடித்தால் மட்டும் போதாது, அறைக்குள் வர வேண்டும். தோட்டத்தில் லொறி மேல்பாதையில் நின்றுவிடும், அங்கிருந்து படிக்கட்டில் தோளில்தான் இறங்க வேண்டும். 33 அங்குலக் கதவு நிலையோடு திறந்து நின்றால் நமக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 31 அங்குலம். கழற்றிப் பூட்டும் கட்டிலுக்கு அது பிரச்சினை இல்லை. அலுமாரி 21 அங்குல ஆழம் என்பதால் பக்கவாட்டில் படுக்கவைத்தால் நுழைந்துவிடும். செற்றிதான் நிலையில் மாட்டிக்கொள்ளும் பொருள், அதன் ஆழமும் உயரமும் இரண்டுமே 31 அங்குலத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். கடையில் செற்றியின் பக்கவாட்டு வடிவத்தை, கையும் முதுகும் சாய்வும் சேர்த்து, ஒரு கார்ட்போர்டில் வரைந்து வெட்டி எடுத்துவந்து, அந்த அட்டையைச் சாய்த்துத் திருப்பி வாசலால் கொண்டுபோய்ப் பாருங்கள். அட்டை நுழைந்தால் செற்றியும் நுழையும். ஆனால் வாசலுக்கு வெளியே அதன் முழு நீளத்துக்கும் நேராக நின்று பிடிக்க இடம் இருக்க வேண்டும். படிக்கட்டு வாசலுக்குப் பக்கவாட்டில் வந்து திரும்பும் வீடுகளில் அந்தத் திருப்பத்திலும் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

முடிவான பின் தாள்களை எறிந்துவிடாதீர்கள். கட்டில் தாளில் தலைப்பக்கம் எது என்றும், அலுமாரித் தாளில் முன்பக்கம் எது, அதற்கும் கட்டிலுக்கும் இடைவெளி எத்தனை அங்குலம் என்றும் பேனாவால் எழுதி, சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் காட்டும் அலுமாரியின் பக்கத்தில் தரையில் அதை விரித்து, மேலே கொடுங்கையின் விளிம்பிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல் தாளுக்கு வெளியே தொங்கினால், விலை எவ்வளவு குறைத்தாலும், அந்த அலுமாரி உங்கள் அறைக்கு உரியதல்ல.